சூப்பியை எடுத்த பிறகு பிள்ளையின் முகம் மாறிப்போனால்: குழந்தைப் படங்களைத் திருத்துவோருக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து ஸ்ரூடியோக்களுக்கு வரும் குழந்தைப் படங்களில் மூன்று வேலைகள் திரும்பத் திரும்ப வரும். வாயில் இருக்கும் சூப்பியை எடுக்க வேண்டும், நெற்றியிலோ கன்னத்திலோ ஒட்டியிருக்கும் பிளாஸ்டரை எடுக்க வேண்டும், அல்லது முகத்தில் அப்பியிருக்கும் சாப்பாட்டைத் துடைக்க வேண்டும். பொருளை அழிப்பது கடினமே இல்லை. அழித்த பிறகு, “இது எங்கட பிள்ளை மாதிரி இல்லையே” என்று தாய் சொல்வதுதான் உண்மையான பழுது. அந்தப் பழுதை அறிகுறி அறிகுறியாகப் பிரித்துக் கீழே எழுதியிருக்கிறேன்.

கருவிகளின் பெயர்களை Photoshop திரையில் இருப்பதுபோலவே தருகிறேன். GIMP பாவிப்பவர்களுக்கு Clone, Heal, Warp Transform என்ற பெயர்களில் ஏறக்குறைய இதே வேலைகள் கிடைக்கும்.

## தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் கோப்பைப் பாருங்கள். வட்சப்பில் வழமையான முறையில் அனுப்பிய படம் சுருங்கி வரும். நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவில்தான் இருக்கும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அது ஐந்தரை அங்குலத்துக்குக் கூடக் காணாது. அதோடு சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாகத் தோல் உடைந்திருக்கும். அந்தக் கட்டங்களையும் சேர்த்துத்தான் நீங்கள் நகலெடுப்பீர்கள். அதே படத்தை Document ஆக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு அப்படியே வரும். பாதி முறைப்பாடுகள் இந்த ஒரு மாற்றத்தோடு தீர்ந்துவிடும்.

அடுத்து, அன்று எடுத்த மற்றப் படங்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். மங்கியவை, ஆடியவை, பிள்ளை அழுதவை என்று ஒதுக்கியவையும் வேண்டும். யாராவது போனில் எடுத்த வீடியோ இருந்தால் அதுவும் உதவும். அந்த வாய் எப்படி இருந்தது என்று காட்டக்கூடியவை இவைதான்.

மூலப் படத்தின் மேல் ஒருபோதும் வரையாதீர்கள். மேலே வெறும் Layer ஒன்றை வைத்து, கருவியின் Sample என்பதை Current & Below என்று மாற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

## அறிகுறி: சாப்பாட்டை எடுத்தாயிற்று, மஞ்சள் கறை போகவில்லை

பூசணி, கரட் மசியல், பருப்புச் சோறு ஆகியவற்றில் இது வரும். கட்டியை அழித்த பிறகும் தோலில் ஒரு மஞ்சள் படலம் நிற்கும்.

பெரும்பாலும் காரணம் எளியது. அது நிறக் கறை மட்டும்தான், கீழே தோல் நல்லபடி இருக்கிறது. அதை Clone Stamp கொண்டு மூடினால் நல்ல தோலையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள். புதிய Layer ஒன்றின் முறையை Color என்று மாற்றுங்கள். பக்கத்தில் சுத்தமாக இருக்கும் தோலிலிருந்து நிறத்தை எடுத்து, 20 அல்லது 30 வீத Opacity உள்ள மென்மையான தூரிகையால் மெல்ல மெல்லப் பூசுங்கள். வெளிச்சமும் நிழலும் அப்படியே நிற்கும், நிறம் மட்டும் மாறும்.

அப்படியும் கறையைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தால், பூசிய எல்லை போதவில்லை என்று அர்த்தம். JPEG கோப்பில் நிறம் உருவத்தின் விளிம்பைத் தாண்டிக் கசிந்திருக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் கறையைவிடச் சற்று வெளியே வரை பூச வேண்டும்.

நிறத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். குழந்தையின் நெற்றி, கன்னம், தாடை மூன்றும் மூன்று நிறம். எங்கள் பகுதியில் நடக்கும் வீட்டு விசேஷங்களில் முற்றத்துச் செம்மண் கீழிருந்து சிவப்பை எறியும். மேலே நீலத் தறப்பாள் கட்டியிருந்தால் அதன் நீலம் தலையிலும் ஒரு கன்னத்திலும் விழும். நெற்றியில் எடுத்த நிறத்தைத் தாடையில் பூசினால், பிள்ளைக்குத் தாடையில் அடிபட்டுக் கன்றியதுபோல இருக்கும்.

## அறிகுறி: உதட்டோரத்தில் அழுக்குத் தேய்த்ததுபோல இருக்கிறது

Healing Brush சுற்றியுள்ள நிறத்தை இழுத்துக் கலக்கும் கருவி. சோற்றுப் பருக்கை உதட்டு விளிம்பில் ஒட்டியிருக்க, அதன்மேல் இதை வைத்தால் உதட்டின் சிவப்பும் தோலின் நிறமும் குழம்பிப்போகும். விளிம்பில் Clone Stamp மட்டும் பாவியுங்கள். தூரிகை பருக்கையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். அதே உதட்டின் விளிம்பிலிருந்து, கோடு கோட்டோடு பொருந்தும்படி எடுத்து வையுங்கள். விளிம்பு சரியான பிறகு, அதிலிருந்து விலகிய தோலுக்கு Healing Brush எடுக்கலாம்.

கீழுதட்டில் இருக்கும் ஈர மினுக்கத்தைத் தொடாதீர்கள். எச்சில் ஒழுகித் தாடையில் நூலாக நின்றால் அதை எடுக்கலாம். உதட்டின் மினுக்கம் போனால் வாய் காய்ந்து, பிள்ளை சுகமில்லாததுபோலத் தோன்றும். துடைக்கச் சொன்னார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் துடைக்கக் கூடாது. சோறு தீத்தும் படத்தில் வாயைச் சுற்றிக் கொஞ்சம் சோறு இருப்பது அந்தப் படத்தின் இயல்பு. கண்ணைப் பறிக்கும் கட்டிகளை மட்டும் எடுத்துவிட்டு முதலில் காட்டுங்கள். அநேகமானோர் அதோடு திருப்திப்படுவார்கள்.

## அறிகுறி: எடுத்த இடம் மட்டும் வழுவழுப்பாக இருக்கிறது

சின்னக் காரணம்: தூரிகை மிகப் பெரியது, அல்லது ஒரே இடத்தில் பல தடவை தேய்த்திருக்கிறீர்கள். அந்த Layer ஐ அழித்துவிட்டுச் சின்னத் தூரிகையால் திரும்பச் செய்வது, கெட்டதைச் சரிசெய்வதைவிட விரைவு.

அடுத்த காரணம்: படம் முழுக்கச் சிதறியிருக்கும் நுண்புள்ளிகள், அதாவது புள்ளிமணி, அந்த இடத்தில் இல்லை. மாலையில் வீட்டுக்குள் எடுத்த படங்களில் இது நன்றாகத் தெரியும். திருத்திய Layer இல் Filter > Noise > Add Noise திறந்து, 1 அல்லது 2 வீதத்தில் தொடங்கி, 100% பெரிதாக்கிப் பார்த்துப் பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள்.

குழந்தைத் தோலில் பெரியவர்களுக்கு இருப்பதுபோலத் துவாரங்கள் தெரியாது. இருப்பது மெல்லிய பூனைமயிரும், திட்டுத்திட்டான இளஞ்சிவப்பும்தான். ஆகவே வேறொருவரின் தோலை எடுத்து ஒட்ட வேண்டாம். அதே பிள்ளையின் அதே பக்கத்துத் தோலே வேண்டும்.

## அறிகுறி: பிளாஸ்டர் போய்விட்டது, பிள்ளை ஒரு பக்கம் முறைக்கிறது

பிளாஸ்டர் தோலை இழுக்கும். நெற்றியில் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கப் புருவம் ஒரு துளி மேலேறியோ சரிந்தோ இருக்கும். பிளாஸ்டர் இருந்தபோது அது உறுத்தாது, ஏனென்றால் காரணம் கண்முன்னே இருந்தது. எடுத்த பிறகு பிள்ளை ஒரு கண்ணால் முறைப்பதுபோல இருக்கும்.

முதலில் Image > Image Rotation > Flip Canvas Horizontal கொடுத்து முகத்தைப் புரட்டிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாத சரிவு அப்போது உடனே தெரியும். புருவம்தான் காரணம் என்றால், எல்லா Layer களையும் சேர்த்து எடுத்த நகல் ஒன்றைத் தெரிந்துகொண்டு Filter > Liquify இல், புருவத்தின் நீளத்தில் பாதிக்குக் குறையாத தூரிகையை எடுத்து மெதுவாக ஒருமுறை தள்ளுங்கள். சின்னத் தூரிகை எடுத்தால் புருவம் புழுவாக நெளியும். இரண்டு புருவத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. எந்தக் குழந்தைக்கும் அவை முழுக்க ஒத்திருப்பதில்லை. இழுபட்ட அளவை மட்டும் திருப்பிக் கொடுத்தால் சரி.

பிளாஸ்டர் புருவத்தையே மறைத்திருந்தால் வேலை கூடும். மறுபக்கப் புருவத்தைப் புரட்டி வைப்பதுதான் பலரும் செய்வது. அப்போது வெளிச்சமும் சேர்ந்து புரண்டுவிடும். இடப்பக்கம் வெயில், வலப்பக்கம் நிழல் என்ற படத்தில், நிழல் பக்கத்தில் வெயில் புருவம் ஒன்று வந்து நிற்கும். அந்த Layer க்கு மட்டும் பொருந்தும்படி Curves ஒன்றைக் கட்டி இருட்டாக்குங்கள். இரண்டு Layer களுக்கும் நடுவில் Alt ஐ அழுத்தியபடி கிளிக் செய்தால் அது கீழே உள்ளதோடு மட்டும் சேரும். நாள்பட்ட வேறொரு படத்தில் அதே பக்கப் புருவம் கிடைத்தால் அதை எடுப்பது இன்னும் நல்லது. புருவத்தின் வடிவம் சில மாதத்தில் பெரிதாக மாறாது. வாய்க்கு இதைச் சொல்ல முடியாது.

பிளாஸ்டரின் விளிம்பு நிழலையும், பசை சிவக்க வைத்த கோட்டையும் மறவாதீர்கள். பொருளின் எல்லையோடு அழிப்பை நிறுத்தினால் அந்தச் செவ்வகம் அச்சில் திரும்ப வரும்.

## அறிகுறி: சூப்பி போய்விட்டது, முகம் பிள்ளையுடையதாக இல்லை

இதுதான் கடினமானது. சூப்பியின் தட்டு மூக்குக்குக் கீழிருந்து தாடைவரை மறைக்கும். ஆனால் சூப்பி மாற்றுவது அது மறைக்கும் இடத்தை மட்டுமல்ல. பிள்ளை சூப்பும்போது உதடுகள் குவிந்து முன்னே வரும், தாடை நுனி சுருங்கிக் குழி விழும், கன்னமும் இறுகும். ஒரு நல்ல வாயைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாலும் சுற்றியுள்ள கன்னமும் தாடையும் இன்னும் சூப்பிக்கொண்டே இருக்கும்.

ஆகவே வாயைத் தேடுமுன் மீதி முகத்தைப் படியுங்கள். விரலால் திரையில் வாயை மூடிக்கொண்டு கண்ணைப் பாருங்கள். கீழ் இமை மேலேறிக் கண் சற்றுச் சுருங்கி, கன்னம் உயர்ந்திருந்தால் பிள்ளை சிரிக்கிறது. புருவம் உயர்ந்து கண் அகலத் திறந்திருந்தால் வியப்பு, அதற்கு உரியது தளர்ந்து சற்றே திறந்த வாய். புருவங்கள் நடுவில் நெருங்கினால் அழப் போகிறது. இமை பாதி சரிந்தால் நித்திரை. கண் சொல்வதையே வாயும் சொல்ல வேண்டும். இதில் பிழைத்தால் பிறகு எவ்வளவு நுணுக்கமாக ஒட்டினாலும் பயனில்லை.

### வேறு படம் இருந்தால்

பல்லுக் கொழுக்கட்டைப் படம் ஒன்றைச் சொல்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கத்துக் குடும்பம். தலையில் வெள்ளைத் துணி போட்டு மேலே கொழுக்கட்டை கொட்டும் நேரம். அம்மம்மா, பெரியம்மா, மாமா எல்லோரும் ஒழுங்காக விழுந்திருந்த படம் அது ஒன்றுதான். பிள்ளையின் வாயில் சூப்பி.

“அண்ணை, சூப்பியை எடுத்துவிடுங்கோ. அந்தப் பல்லுத் தெரியிற மாதிரி வையுங்கோ” என்றார் தாய்.

மற்றப் படங்களில் மூன்று வாய்கள் கிடைத்தன. ஒன்றில் பிள்ளை அழுகிறது. ஒன்றில் தாயைப் பார்த்துச் சிரிக்கிறது, முதல் பல் அழகாகத் தெரிகிறது. மூன்றாவதில் சூப்பி கழன்று மடியில் விழுந்திருக்கிறது, பிள்ளை அதைப் பார்த்தபடி, கீழுதடு தளர்ந்து வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. நாங்கள் திருத்த வேண்டிய படத்திலோ பிள்ளை விழுகிற கொழுக்கட்டையைத் தலை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கிறது. புருவம் உயர்ந்து, கண் அகன்றிருக்கிறது. சிரிப்பு வாயை ஒருதரம் வைத்துப் பார்த்தோம். பல் தெரிந்தது, ஆனால் கன்னமும் கண்ணும் சிரிக்கவில்லை.

“தங்கச்சி, வாயை மூடிக்கொண்டு கண்ணை மட்டும் பாருங்கோ. பிள்ளை இதில சிரிக்கேல்லை, மலைச்சுப்போய்ப் பாக்குது” என்று சொல்லி மூன்றாவது வாயை வைத்துக் காட்டியதும் அவர் ஒத்துக்கொண்டார். பல் தெரிகிற சிரிப்புப் படத்தைத் தனியாக அச்சடித்துக் கொடுத்தோம்.

செய்த முறை இது. மூன்றாவது படத்திலிருந்து மூக்கின் அடியிலிருந்து தாடையின் கீழ்ப்பக்கம் வரை, இரு கன்னங்களின் கீழ்ப்பாதியோடு தாராளமாக வெட்டி எடுத்தோம். வாயை மட்டும் வெட்டுவது எப்போதும் தவறு. மேலே வைத்து Opacity ஐ 50 வீதமாக்கி, Ctrl+T கொடுத்து, மூக்குத் துவாரங்கள் இரண்டும் தாடை நுனியும் பொருந்தும்வரை சுழற்றி, அளவை மாற்றினோம். முகம் குனிந்திருந்த படம் என்பதால் தாடை சற்று நெருங்கித் தெரிந்தது. Warp கொண்டு அதைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருந்தது. குனிவு இதைவிடக் கூடியிருந்தால் அந்த வாயைக் கைவிட்டிருப்போம். தலையின் திருப்பத்தைச் சுழற்றியோ இழுத்தோ சரிக்கட்ட முடியாது. ஒரு துவாரம் மறைந்த முகத்தின் வாய், இரண்டும் தெரியும் முகத்தில் பொருந்தாது.

பிறகு Alt ஐ அழுத்தியபடி Mask சின்னத்தைக் கிளிக் செய்து, ஒட்டியதை முழுக்க மறைத்துவிட்டு, வெள்ளைத் தூரிகையால் உள்ளிருந்து வெளியே திறந்துகொண்டு போனோம். எல்லை எங்கே முடிகிறது என்பது முக்கியம். வழுவழுப்பான கன்ன நடுவில் முடிந்தால் தெரியும். மூக்கடி மடிப்பிலும், கன்னமும் வாயும் சேரும் மடிப்பிலும், தாடைக்குக் கீழ் நிழலிலும் முடிந்தால் தெரியாது, அங்கே இயல்பாகவே நிறம் மாறுகிறது.

நிறம் கடைசி வேலை. மூலப் படத்தில் வலக்கன்னத்தில் தறப்பாளின் நீலம் இருந்தது, எடுத்த துண்டில் செம்மண்ணின் சிவப்பு. Curves இல் Red ஐ இறக்கி Blue ஐ ஏற்றினோம், அதுவும் வலப்பாதிக்கு மட்டும். முழுத்துண்டுக்கும் கொடுத்தால் இடப்பக்கம் வெளுத்துவிடும்.

சூப்பியில் நாடா கட்டிச் சட்டையில் குத்தியிருந்தால் அதையும், நெஞ்சில் விழுந்த அதன் நிழலையும் எடுங்கள். பலர் இதை மறந்து, எதிலும் இணையாத நாடா ஒன்று தொங்கும் படத்தை அச்சடித்து அனுப்புகிறார்கள்.

### ஒட்டிய வாய் சரி, ஆனாலும் வயது கூடியதுபோல இருந்தால்

எடுத்த வாய் பல மாதம் பிந்திய படத்தினுடையதா என்று பாருங்கள். ஆறு மாதத்துப் பிள்ளையின் முகத்தில் ஒன்றரை வயது வாய் பொருந்தாது. தாடை வளர்ந்துவிட்டது, பற்கள் உதட்டைத் தள்ளியிருக்கும். அதே நாளில் எடுத்ததே சிறந்தது.

அதே நாள் வாய்தான் என்றால் அகலத்தைப் பாருங்கள். கண்மணியின் நடுவிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இழுத்தால், சிரிக்காத குழந்தை வாயின் ஓரம் அதைத் தொடாமல் உள்ளேயே நிற்கும். தொட்டால் துண்டைப் பெரிதாக்கிவிட்டீர்கள். மேலுதட்டின் நடுவில் ஒரு சின்னப் புடைப்பும் இருக்கும். பால் குடிக்கும் பிள்ளைகளில் அது தெளிவாகத் தெரியும். சிலர் அதை அழுக்கென்று நினைத்து மட்டமாக்கிவிடுவார்கள். அது போனால் பிள்ளைத்தனமும் போய்விடும்.

### வேறு படமே இல்லாவிட்டால்

வீடியோவிலிருந்து ஒரு காட்சியை நிறுத்தி எடுக்கலாம். சிறிய அளவு அச்சுக்கு அது போதும். மூலப் படம் அதைவிடக் கூர்மையாக இருந்தால், ஒட்டும் துண்டுக்குப் புள்ளிமணி சேர்க்க வேண்டிவரும்.

Content-Aware Fill ஐ வாய்க்குப் பாவிக்காதீர்கள். அது சுற்றியுள்ள தோலைக் கொண்டு நிரப்பும் கருவி, பிள்ளைக்கு வாய் இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சட்டையில் கிடக்கும் நாடாவுக்கும், பாயில் சிந்திய தேங்காய்ப்பூவுக்கும் அது நன்றாக உதவும்.

## எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்

வாய் முழுக்க மறைந்து, அந்த வயதில் எடுத்த வேறு படமோ வீடியோவோ ஒன்றும் இல்லையென்றால் நிறுத்துங்கள். வன்னியில் இது அடிக்கடி வரும். 2009 வரையான இடப்பெயர்வுகளில் அல்பங்கள் எல்லாம் போய், ஒரே ஒரு படம் மிஞ்சிய வீடுகள் பல. அந்தப் பிள்ளையே இல்லாத வீடுகளும் உண்டு. அண்ணனின் வாயையோ தங்கையின் வாயையோ எடுத்து வைத்தால் படம் அழகாக இருக்கும், ஆனால் அது அந்தப் பிள்ளையின் முகமாக இருக்காது. பெற்றோரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சூப்பியோடேயே வைத்து, கீறல், பூஞ்சணம், மங்கிய நிறம் ஆகியவற்றைச் சரிசெய்து கொடுப்பதையே நான் செய்கிறேன். வேண்டுமென்று பெற்றோரே கேட்டால், முகம் வரையத் தெரிந்த, பழைய படங்கள் திருத்துவதில் கைதேர்ந்த ஒருவரிடம் அனுப்புங்கள். திருத்தாத ஸ்கான் கோப்பையும் கட்டாயம் கையில் கொடுங்கள்.

பழைய அச்சுப் படத்தை ஸ்கான் செய்வதாக இருந்தால் 600 டிபிஐ வையுங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடேயே வைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் கமெராவால் எடுக்கலாம். ஈரத்தில் ஒட்டியவற்றைப் பிரிப்பது அதில் பழகியவரின் வேலை.

கடவுச்சீட்டுப் படத்துக்கு இந்த வேலை எதையும் செய்யாதீர்கள். அதில் முகத்தைத் திருத்தக் கூடாது. பிள்ளையை ஒரே நிறத் துணியில் படுக்கவைத்து, சூப்பியை எடுத்துவிட்டு, மேலிருந்து திரும்ப எடுங்கள். காயத்துக்கான வழக்கு, காப்புறுதி, வைத்தியப் பதிவு ஆகியவற்றுக்குக் கேட்கப்படும் படங்களில் பிளாஸ்டரையும் தொடக் கூடாது.

## அச்சுக்கு அனுப்புமுன்

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves வைத்து, கோட்டைச் செங்குத்தாக இழுத்து மாறுபாட்டைக் கூட்டுங்கள். மறைந்திருந்த ஒட்டுகள் திட்டுகளாக எழும்பும். அவற்றைச் சரிசெய்துவிட்டு அந்த Curves ஐ அழியுங்கள். அப்புறம் படத்தை ஒரு முத்திரை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் முகபாவம் பிழையாகத் தோன்றினால் நுணுக்கத்தில் திருத்தித் தீராது, வாயைத் தேர்ந்தெடுத்ததே பிழை.

12×18 போடுமுன் முகத்தை மட்டும் அதே அளவில் வெட்டி, 4×6 தாளில் ஒன்று அச்சடியுங்கள். மடிக்கணினித் திரையில் தெரியாத சிவப்பும், தாடையடி இருட்டும் தாளில் தெரியும். அதைத் தாயிடம் கொடுத்து, எதை எடுத்தோம் என்று சொல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கண் முதலில் வாய்க்குப் போனால் இன்னும் வேலை இருக்கிறது.